மூன்று விரல் இடத்தில் எந்தச் சூத்திரம்?

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். முழுப் பரீட்சைக்கு முன்னால் ஆளுக்கொரு ஏ4 தாள் கொடுப்பது வழக்கம். ஒரே தாள், இரண்டு பக்கம், வருஷத்துச் சூத்திரங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அளவியலும் முக்கோணவியலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் வரும் கூட்டுத்தொடரின் கூடுதலுக்கு மூன்று விரல் அகல இடம்தான் மிஞ்சும்.

போன வருஷம் பேராசைப்பட்டு மூன்று வடிவங்களையும் பொடி எழுத்தில் அங்கே திணித்தேன். மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது அதன் பலன் தெரிந்தது. ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டி, n/2 × (2a + l) என்று யாரும் கண்டுபிடிக்காத ஒரு சூத்திரத்தை நாலு பேர் எழுதியிருந்தார்கள். நாலு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவில்லை, அதனால் பார்த்து எழுதிய கதை இல்லை. தப்பு தாளில்தான் இருந்தது. இந்த வருஷம் ஒன்றைத்தான் போடுவது என்று முடிவு செய்தேன். எதைப் போடுவது என்பதில்தான் ஒரு வாரம் போனது.

போட்டியில் இருந்தவை இவை:

```
1)  S = n/2 × [2a + (n − 1)d]
2)  S = n/2 × (a + l)
3)  S = n × நடு உறுப்பு
```

a முதல் உறுப்பு, d பொது வித்தியாசம், n உறுப்புகளின் எண்ணிக்கை, l கடைசி உறுப்பு. முதல் இரண்டும் பாடநூலில் இருப்பவை. மூன்றாவது அப்படி எழுதப்பட்டிருக்காது, ஆனால் விஷயம் அதேதான். கடைசி உறுப்பு என்பது a + (n − 1)d. அதை இரண்டாவதில் l இருக்கும் இடத்தில் வைத்தால் முதலாவது வந்துவிடும். முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு உறுப்பு வந்துவிடும். ஆக, மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். எது சரி என்ற கேள்வியே இல்லை. எதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், விழுந்தால் அது அவர்களுக்கே தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

நாற்காலிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மைதானத்தில் பள்ளி ஆண்டு விழா. ஷாமியானா கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்குகிறது. மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் 16 நாற்காலி. அடுத்தடுத்த வரிசையில் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று என்று 2 கூடுகிறது. மொத்தம் 15 வரிசை. எத்தனை நாற்காலிக்கு வாடகை?

இங்கே கேள்வி கொடுப்பது a = 16, d = 2, n = 15. அப்படியே முதல் வடிவத்தில் போடலாம்:

```
S = 15/2 × [2×16 + 14×2]
  = 15/2 × (32 + 28)
  = 15/2 × 60 = 450
```

ஒரே ஓட்டத்தில் முடிகிறது. இரண்டாவது வடிவத்துக்கு ஒரு படி கூடுதல். முதலில் கடைசி வரிசை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்: 16 + 14×2 = 44. பிறகு 16 + 44 = 60, அதில் பாதி 30, அதை 15 வரிசையால் பெருக்கினால் 450. மூன்றாவதற்கு எட்டாம் வரிசையைப் பார்த்தால் போதும். அதற்கு முன்னால் 7, பின்னால் 7. எட்டாம் வரிசையில் 16 + 7×2 = 30 நாற்காலி. 30 × 15 = 450.

கேள்வியை மட்டும் பார்த்தால் முதல் வடிவம்தான் ஜெயிக்கிறது. பிள்ளைகள் எழுதியதைப் பார்த்தால் கதை வேறு. இந்த மாதிரிக் கணக்கில் அடிக்கடி வரும் தப்பு (n − 1) இருக்க வேண்டிய இடத்தில் n போடுவது. முதல் வரிசைக்கு எதுவும் கூட்டவில்லை, இரண்டாம் வரிசையிலிருந்துதான் கூட்டல் தொடங்குகிறது. 15 வரிசைக்கு நடுவே 14 இடைவெளிதான் என்று சொல்லும்போது தலையை ஆட்டுவார்கள். எழுதும்போது கை 15 என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் முதல் வடிவத்தில் 15/2 × (32 + 30) = 465 வரும். முழு எண், பார்க்க நல்ல எண். சந்தேகம் வர அதில் எதுவுமே இல்லை, பிள்ளை கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

இரண்டாவது வடிவத்தில் இதே தப்பு வேறு மாதிரி வெளிவரும். கடைசி வரிசை 16 + 15×2 = 46 என்று தனியாக ஒரு வரியில் எழுத வேண்டியிருக்கிறது. 46 என்பது ஒரு நிஜ வரிசை, அதைக் கேட்டுப் பார்க்கலாம். முதல் வரிசை 16, இரண்டாவது 18, மூன்றாவது 20. மூன்றாவதுக்கு இரண்டு தடவைதான் 2 கூட்டினோம், அப்படியென்றால் பதினைந்தாவதுக்கு? இதை ஒரு பெண்ணிடம் கேட்டபோது, நான் முடிப்பதற்குள் “சார், நாப்பத்தி நாலு சார்” என்று அழிக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் வடிவத்தில் இப்படி விரல் வைத்துக் காட்ட ஒரு எண் கிடைக்காது. (n − 1)d என்பது அடைப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு துண்டு. அது வரிசையும் இல்லை, நாற்காலியும் இல்லை.

மூன்றாவது வடிவத்தின் பலம் சரிபார்ப்பதில். 465 சரியா என்று தெரிய, அதை 15-ஆல் வகுத்துப் பாருங்கள். 31 வரும். வரிசை எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் சராசரியும் நடு வரிசையும் ஒன்றே. அப்படியானால் எட்டாம் வரிசையில் 31 நாற்காலி இருக்க வேண்டும். 16-இல் தொடங்கி இரண்டிரண்டாகக் கூடும் அடுக்கில் 31 எங்கிருந்து வரும்? தப்பு பத்து விநாடியில் பிடிபட்டுவிட்டது. 450-ஐ வகுத்தால் 30, எட்டாம் வரிசையும் 30.

அப்படியென்றால் மூன்றாவதையே போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. 15 வரிசைக்குப் பதில் 16 வரிசை என்று மாற்றியதும் சிக்கல் வந்தது. நடுவில் வரிசையே கிடையாது. எட்டாவதில் 30, ஒன்பதாவதில் 32, இரண்டுக்கும் நடுவே 31, ஆகவே 16 × 31 = 496. விடை சரிதான். ஆனால் ‘நடு உறுப்பு’ என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இல்லாத உறுப்பைத் தேடு என்று எப்படிச் சொல்வது? பாதிப் பேர் எட்டாவதை எடுப்பார்கள், மீதிப் பேர் ஒன்பதாவதை எடுப்பார்கள். ‘நடு’ என்பதை ‘சராசரி’ என்று மாற்றினால், சராசரியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி வரும். அதற்கு முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். சுற்றிச் சுற்றி இரண்டாவது வடிவத்துக்கே வந்துவிடுகிறோம்.

இப்போது கட்டை அடுக்கு. என்னிடம் படிக்கும் ஒரு பையனின் அப்பா வியாசர்பாடிப் பக்கம் சாரம் கட்டும் சவுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்கிறார். ஒரு நாள் அங்கே போயிருந்தேன். அடியில் 18 கட்டை, அதன்மேல் 17, அதன்மேல் 16 என்று ஏறி, உச்சியில் 8. பத்திரமாகக் குவித்த பாதிக் கூம்பு மாதிரி இருந்தது. எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். “இன்னா சார், அடியில எத்தினி, மேல எத்தினி, எத்தினி வரிசை. அவ்ளோதான்” என்றார். சூத்திரம் தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது இரண்டாவது வடிவம் அப்படியே.

கட்டை அடுக்கில் ஏன் ஒவ்வொன்றாகக் குறைகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் d = −1 என்பது யாரோ ஆசிரியர் வைத்த எண் இல்லை. உருண்டைக் கட்டை இரண்டு கட்டைக்கு நடுவே உள்ள பள்ளத்தில்தான் நிற்கும். 18 கட்டைக்கு நடுவே 17 பள்ளம், எனவே மேலே 17 கட்டை. நாற்காலிக் கணக்கில் தொல்லை கொடுத்த அதே (n − 1) இங்கே கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. இதைப் பார்த்த பிறகு 15 வரிசைக்கு 14 இடைவெளி என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு அதிகம் வரவில்லை.

18-லிருந்து 8 வரை எத்தனை வரிசை? 18 − 8 = 10 என்று நிறுத்திவிடுவார்கள். குறைந்த தடவைகள் 10, வரிசை 11. இங்கே ஒன்றைத் தவறவிட்டால் விடை 10 × 13 = 130 ஆகும், சரியாக ஒரு நடு வரிசை, அதாவது 13 கட்டை, குறையும். சரியான கணக்கு:

```
S = 11 × (18 + 8) ÷ 2 = 11 × 13 = 143
```

ஏன் பாதியாக்குகிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதே அடுக்கு பதில் சொல்லும். இதே மாதிரி இன்னொரு அடுக்கைத் தலைகீழாகப் புரட்டிப் பக்கத்தில் ஒட்ட வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடி வரிசையில் 18-உம் 8-உம் சேர்ந்து 26. அதற்கு மேல் 17-உம் 9-உம், அதுவும் 26. உச்சியில் 8-உம் 18-உம், மறுபடி 26. 11 வரிசையிலும் 26 என்றால் 286. நம்முடையது அதில் பாதி. கரும்பலகையில் சாய்ந்த கட்டமாக வரைந்தால் ஒரு நிமிஷ வேலை. முதல் வடிவத்துக்கு இப்படி ஒரு படம் வரைய முடியும், ஆனால் 2a என்பதை அந்தப் படத்தில் எங்கே காட்டுவது என்று நானே திணறியிருக்கிறேன்.

முதல் வடிவத்துக்குக் கட்டை அடுக்கில் இன்னொரு கண்டமும் உண்டு: கழித்தல் குறி. 2×18 + (11 − 1)(−1) = 36 − 10 = 26 என்று வர வேண்டும். குறியை விட்டுவிட்டு 36 + 10 = 46 என்று எழுதி, 11/2 × 46 = 253 என்று முடித்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன. இதைப் பிடிக்க மிகச் சுலபமான வழி உண்டு. எல்லா வரிசையும் அடி வரிசை அளவுக்கே இருந்தாலும் 11 × 18 = 198 கட்டைதான். 253 எப்படி வரும்? எல்லாம் உச்சி அளவுக்கு இருந்தால் 88. விடை 88-க்கும் 198-க்கும் நடுவே இருந்தாக வேண்டும். இரண்டாவது வடிவத்தில் இந்தக் குறிச் சிக்கலே வருவதில்லை, 18-உம் 8-உம் கண்ணால் பார்த்த எண்கள்.

இது வரை இரண்டாவது பக்கமே சாய்ந்துகொண்டிருந்தேன். என்னைத் தயங்க வைத்தது ஒரே ஒரு வகைக் கேள்வி. மொத்தம் 143 கட்டை, அடி வரிசையில் 18, ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைகிறது. எத்தனை வரிசை, உச்சியில் எத்தனை? இங்கே n-உம் தெரியாது, l-உம் தெரியாது. இரண்டாவது வடிவத்தில் போட்டால் தெரியாதவை இரண்டு ஆகிவிடும், பிள்ளை பேனாவை வைத்துவிடும். முதல் வடிவத்தில் தெரியாதது n ஒன்றுதான்:

```
n/2 × [36 − (n − 1)] = 143
n(37 − n) = 286
n² − 37n + 286 = 0
(n − 11)(n − 26) = 0
```

விடை 11, 26 என்று இரண்டு. உச்சி வரிசையைப் பார்த்தால்தான் எது நிஜம் என்று தெரியும். 11 வரிசை என்றால் உச்சியில் 18 − 10 = 8. 26 வரிசை என்றால் 18 − 25 = −7 கட்டை. மைனஸ் ஏழு கட்டையை எந்தக் கடையிலும் அடுக்க முடியாது, ஆகவே 11.

இந்த 26 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார், அவருக்காகவே இதைச் சொல்கிறேன். 8-க்குப் பிறகு நிறுத்தாமல் எண்களை மட்டும் எழுதிக்கொண்டே போனால் 7, 6, 5 என்று இறங்கி 0-ஐத் தாண்டி −7 வரை 15 எண்கள் வரும். 7-உம் −7-உம் அடித்துக்கொள்ளும், 6-உம் −6-உம் அடித்துக்கொள்ளும், மொத்தம் பூஜ்யம். 11-உடன் அந்த 15-ஐயும் சேர்த்தால் 26. கூடுதல் அதே 143. சமன்பாட்டுக்குக் கட்டை தெரியாது, எண் மட்டும்தான் தெரியும், அதனால் இரண்டையும் நேர்மையாகக் கொடுத்துவிடுகிறது. இன்னும் ஒரு வேடிக்கை: அடியும் உச்சியும் சேர்ந்தால் 18 + 8, அதுவும் 26. இது தற்செயல் இல்லை. ஒவ்வொன்றாகக் குறையும் அடுக்கில் a + l என்பது 2a + 1 − n, இங்கே 37 − n. சமன்பாட்டில் n-ஐப் பெருக்குவதும் அதே 37 − n தான். எனவே ஒன்று 11 என்றால் மற்றது 26 ஆகத்தான் இருக்கும்.

இந்த வகைக் கேள்விக்காக முதல் வடிவத்தைத் தாளில் போட வேண்டுமா? யோசித்துப் பார்த்தால் தேவையில்லை. கடைசி உறுப்புக்கான வரியையும் இரண்டாவது வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். இங்கே கடைசி = 18 − (n − 1) = 19 − n. அதை வைத்தால் n(18 + 19 − n) ÷ 2, அதாவது அதே n(37 − n) ÷ 2. ஒரு படி கூடுதல், ஆனால் அந்தப் படியில் 19 − n என்பது உச்சி வரிசை என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 26-ஐ அதில் போட்டு −7 என்று பார்ப்பது அதற்கு அப்புறம் தானாக நடக்கும். முதல் வடிவத்தில் செய்தவர்கள் உச்சியைச் சரிபார்க்க மறந்து இரண்டு விடையையும் எழுதிவைப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் புதிது. 499-ஐ ஒட்டி ஆர்யபடர் எழுதிய ஆர்யபடீயத்தின் கணிதப் பகுதியில் ஒரே சுலோகத்தில் இரண்டு வழியும் இருக்கிறது. முதலில் நடு மதிப்பைக் கண்டு எண்ணிக்கையால் பெருக்கு என்கிறார், பிறகு ‘அல்லது’ என்று போட்டு, முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கு என்கிறார். அடுத்த சுலோகத்தில், கூடுதல் தெரிந்தால் எண்ணிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, நம் 143 கட்டைக் கேள்விக்கான வழியும் வருகிறது. அவருக்கு நடுதான் முதலில் தோன்றியிருக்கிறது. எனக்கு அந்த ‘அல்லது’ பிடித்திருக்கிறது.

எந்த வடிவத்தைப் போட்டாலும் அது செல்லாத இடமும் உண்டு, அதையும் வகுப்பில் சொல்லிவிடுகிறேன். கட்டை அடுக்கின் இரு பக்கமும் முளை அடித்து நிறுத்தியிருந்தால் 18, 17, 18, 17 என்று மாறி மாறி அடுக்கலாம். அதில் பொது வித்தியாசமே இல்லை, சூத்திரமும் வேலை செய்யாது. யாராவது உச்சியிலிருந்து நாலு கட்டையை உருவிப் போயிருந்தால், உச்சி வரிசையைத் தனியாக எண்ணிக் கூட்ட வேண்டும். அரைவட்டமாக நாற்காலி போட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் நீளம் ஒரே அளவு கூடும், ஆனால் அது முழு நாற்காலிக் கணக்கில் வராது. வரிசைக்கு வரிசை 90 செ.மீ. பின்னால் போனால் அரைவட்டத்தின் நீளம் சுமார் 283 செ.மீ. கூடும். 50 செ.மீ. அகல நாற்காலி என்றால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். சில வரிசைக்கு 5, சில வரிசைக்கு 6 என்று ஏறும். அங்கே சூத்திரம் தருவது தோராயம்தான்.

விடைத்தாளைத் தயாரிக்கும்போது நான் செல்போனில் விரிதாள் செயலியைத் திறந்து இப்படி ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்கிறேன். எல்லா வரிசையையும் ஒவ்வொன்றாக உருவாக்கிக் கூட்டுவதால், என் (n − 1) தப்பும் இதில் மாட்டிக்கொள்ளும்:

```
=SUM(SEQUENCE(15,1,16,2))
```

450 வந்தால் நிம்மதி. பரீட்சை அறையில் பிள்ளைகளுக்கு இது கிடையாது, அதனால் தாளில் இடமும் கிடையாது.

கடைசியில் இரண்டாவது வடிவத்தையே அச்சுக்குக் கொடுக்கப் போனேன். ஜெராக்ஸ் கடையில் மாதிரித் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், (a + l) என்பது (a + 1) மாதிரியே இருந்தது. போன வருஷத் தாள்களில் 16-உடன் 1-ஐக் கூட்டி 17 என்று எழுதியிருந்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நினைத்துத் திட்டியிருந்தேன். பாவம். கடைக்காரரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த மூன்று விரல் இடத்தில் இப்படி மாற்றினேன்:

```
கடைசி = முதல் + (n − 1) × d
S = n × (முதல் + கடைசி) ÷ 2
```

÷ 2 வரியின் கடைசியில் இருப்பதும் வேண்டுமென்றே வைத்ததுதான். n/2 என்று முன்னால் நின்றால் 15/2 என்றதும் 7.5 என்று எழுதிப் புள்ளியோடு மல்லுக்கட்டுவார்கள். முழு எண் தொடரில் n, முதல் + கடைசி இரண்டில் ஒன்றாவது இரட்டைப்படையாக இருக்கும். அதை முதலில் பாதியாக்கிவிடு என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் a, l என்றே எழுதட்டும். எழுதும்போது l-ஐச் சுழித்து எழுதச் சொல்லி நாலு நாளாகப் பழக்குகிறேன், இரண்டு பேர் இன்னும் நேர்க்கோடாகத்தான் போடுகிறார்கள்.